ஜெசிந்தா அனுப்பாத வீடியோ

எங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற ஜெசிந்தாவிடம் மீன் விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கண்ணைப் பார்ப்பாள். வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். அதோடு விடாமல் முகர்ந்தும் பார்ப்பாள். "ஏளா, மீனு வாங்குதியா, மாப்பிள்ள பாக்குதியா?" என்று விற்கிற பெண் கேட்டால் கொஞ்சமும் அசராமல், "மாப்பிள்ளைய இப்படிப் பாக்காமத்தான கெட்டேன்" என்பாள். அவள் கணவர் பவுல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர். இவள் வாய்க்கு வேறு யாராவது என்றால் கட்டுமரம் ஏறி ஓடியிருப்பார்கள்.

நான் அனுசியா. அதே காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லிச் சொல்லியே என் பொறுமை முழுவதும் அங்கே தீர்ந்துவிடும். வீட்டுக்கும் ஊருக்கும் மிச்சம் இருப்பது கோபம்தான். அதிலும் வாட்ஸ்அப்பில் வைத்தியம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. சுடுதண்ணீர் குடி, சுக்கு தின்னு, பத்துப் பேருக்கு அனுப்பு. எங்கள் வீட்டுக் குரூப்பில் இதற்காகவே இரண்டு மாமாக்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஜெசிந்தா என்னைப் போல் சண்டை போட மாட்டாள். திரேஸ்புரத்தில் பாதி, தம்மாமிலும் மஸ்கட்டிலும் மீதி என்று சிதறிக் கிடக்கும் அவர்கள் குடும்பக் குரூப்புக்கு அவள்தான் அட்மின். உடம்பு சம்பந்தமாக எது வந்தாலும் அவள் கையைத் தாண்டித்தான் குரூப்புக்குள் போக வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். "செவுளப் பாத்துட்டுப் போடுதேன்" என்று பதில் எழுதுவாள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் தேடுவாள், டாக்டரிடம் கேட்பாள். பத்தில் எட்டு குப்பைக்குப் போகும். சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள், ஆனாலும் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் முகத்தில் ஒரு பூரிப்பு. கிளினிக் கதவைத் திறந்ததும் என்னை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஏளா, ஒரு வீடியோ வந்திருக்கு. தம்மாம்ல இருந்து எங்க ரோச் மச்சான் அனுப்புனது. இது வேற மாதிரி. நானே செஞ்சு பாத்துட்டேன்."

"நீயுமா?" என்றேன். எனக்கு அப்போதே எரிச்சல்.

ஒன்றரை நிமிட வீடியோ. பின்னால் அருவி விழுகிறது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, தேன் தடவிய குரலில் பேசுகிறார். வேகமாக, ஆழமாக முப்பது மூச்சு இழுத்து விடவேண்டுமாம். அப்புறம் மூச்சை அடக்கி, முடிந்தவரை அப்படியே இருக்க வேண்டுமாம். இரத்தத்தில் ஆக்சிஜன் மூன்று மடங்காகிவிடும், நுரையீரல் சுத்தமாகும், பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எதுவும் வேண்டாம். விரல் நுனி விறுவிறுவென்று கூசினால் செல்கள் விழித்துக்கொள்கின்றன என்று அர்த்தமாம்.

"எனக்கு நெஜமாவே கூசுச்சு அனு" என்றாள் ஜெசிந்தா. "சும்மா அடக்குனா முக்கா நிமிஷம் தாங்க மாட்டேன். இதச் செஞ்சுட்டு அடக்குனா ஒன்றர நிமிஷம் தாண்டிப் போவுது. மூச்சே முட்டல. நேத்து மத்தியானம் ஜோன்ஸ் வீட்ல சாப்பிட்டுட்டு எல்லாரு முன்னாலயும் செஞ்சு காட்டுனேன். கைதட்டுதாங்க."

ஜோன்ஸ் அவள் தம்பி. சங்கு குளிக்கிறவன். இப்போது சங்கு எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் படகில் கம்ப்ரசரை ஓட்டி, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டுதான் இறங்குகிறார்கள். ஜோன்ஸுக்கு அது ஆகாது. அப்படி இறங்கி, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த அவனுடைய சித்தப்பாவுக்கு இரண்டு காலும் விளங்காமல் போனதைச் சின்ன வயதில் பார்த்தவன். அதனால் மூச்சை அடக்கியே இறங்குவான். ஐந்து பாகம், ஆறு பாகம் போவான். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்தான் ஒரு பாகம். ஆறு பாகம் என்றால் மூன்று மாடி உயரத் தண்ணீர். குழாய்க்காரர்கள் ஒரு மணி நேரம் கீழே கிடந்து அள்ளுவதை இவன் ஒவ்வொரு மூச்சாக எடுக்க வேண்டும்.

"அவனுக்கு இன்னும் அர நிமிஷம் கீழ நிக்க முடிஞ்சா எவ்வளவு உதவியா இருக்கும், சொல்லு" என்றாள். அவள் கண்ணில் அத்தனை ஆசை. தம்பி என்றால் அவளுக்கு உயிர். "கேட்டான், அனுப்புக்கான்னு. செவுளப் பாத்துட்டு அனுப்புதேன்னு சொல்லிட்டேன். சட்டம்னா தம்பிக்கும் சட்டந்தான."

"சரி, செவுளத் தூக்கு" என்றேன். முதல் டோக்கனுக்கு இன்னும் நேரம் இருந்தது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் மேசை டிராயரில் கிடந்தது. விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. வீடியோவில் சொன்னபடி முப்பது மூச்சு இழுத்து விட்டாள். தொண்ணூற்றொன்பது.

"மூணு மடங்கா?" என்றேன்.

ஜெசிந்தா என்னை முறைத்தாள். நூறுக்கு மேல் அந்த எண் போகாது என்பது அவளுக்கும் தெரியும். ஏற்கெனவே நிறைந்திருக்கிற குடத்தில் எங்கே ஊற்றுவது? நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மூச்சை அடக்கினாள். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று என்று சரியத் தொடங்கியது. அவள் முகமோ கோயிலில் உட்கார்ந்திருக்கிறவள் முகம் போல அமைதியாக இருந்தது. எனக்குத்தான் மூச்சு முட்டியது. தொண்ணூறைத் தொட்டதும் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

"ஏன் உலுக்குத? எனக்கு ஒண்ணும் செய்யலயே" என்றாள்.

"ஒண்ணும் செய்யலன்னு நீ சொல்லுத. எண்ணு எறங்கிக்கிட்டே போகுது."

அப்போதுதான் அவள் பூரிப்பு கொஞ்சம் குறைந்தது. கைப்பேசியை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். முதலில் தமிழில் "மூச்சுப் பயிற்சி நன்மைகள்" என்று போட்டாள். அதே மாதிரி அருவிகளும் வெள்ளைச் சட்டைகளும் வரிசையாக வந்து நின்றன. நன்மை என்று கேட்டால் நன்மையைத்தான் காட்டும். கேள்வியை மாற்றினாள். மூச்சை அடக்குவது, வேகமாக மூச்சு விடுவது, ஆபத்து என்று ஆங்கிலத்தில் போட்டாள். அதோடு, அந்த அருவிக்காரர் பெயரைப் போட்டு, வெட்டி அனுப்பப்படாத முழு வீடியோவையும் தேடிப் பிடித்தாள். இருபது நிமிட வீடியோ அது. நடுவில் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள்.

பதினைந்தாவது நிமிடம் தாண்டி ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது. அதே மனிதர், அதே தேன் குரல். "இந்தப் பயிற்சியைத் தண்ணீரிலோ, தண்ணீருக்குப் பக்கத்திலோ, வண்டி ஓட்டும்போதோ எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. மயக்கம் வரலாம்."

தம்மாமிலிருந்து வந்த துண்டில் இந்த வரி இல்லை. எவனோ ஒருவன் நல்லதை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பிவிட்டான். அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு நான் வேலை பார்த்திருக்க மாட்டேன், போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பேன்.

யுஸ்ரா டாக்டர் உள்ளே வந்தார். காயல்பட்டினத்துக்காரர், இந்தக் கடற்கரைக் காதுகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர். சங்கு குளிக்கிறவர்களின் கிழிந்த செவிப்பறைகளை அவரைப் போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜெசிந்தா வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பாதியிலேயே டாக்டரின் நெற்றி சுருங்கியது. தன் கணினியில், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிற தளத்தைத் திறந்தார். அமெரிக்க அரசின் பொதுச் சுகாதார அறிக்கை ஒன்றும் அங்கே கிடைத்தது. மூச்சடக்கிப் பழகியபோது நீச்சல் குளத்தில் மூழ்கியவர்களைப் பற்றியது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"நல்லா வெளங்கிக்கோங்க ஜெசி" என்றார் டாக்டர். "மூச்சு முட்டுதுன்னு நமக்குத் தோணுதுல்ல, அது ஆக்சிஜன் குறையிறதால இல்ல. பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேருறதால. அதுதான் மணி அடிக்கிறது. வேகமா முப்பது மூச்சு விட்டா அந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். ஆக்சிஜன் கூடவே இல்ல, ஆனா மணி மட்டும் லேட்டா அடிக்கும். மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துடும். தண்ணியில இருந்து மேல வரும்போது அழுத்தம் குறையும். அப்ப இன்னும் வேகமா ஆக்சிஜன் விழும். மேல வந்துட்டோம்னு நெனைக்கிற எடத்துலதான் பல பேரு மயங்குறாங்க."

"விரலு கூசுனது, டாக்டர்?"

"அதுவும் அதாலதான். செல்லு ஒண்ணும் முழிக்கல."

"அப்ப பிரஷருக்கு?"

"மெதுவா, அமைதியா மூச்சு விட்டா சில பேருக்கு பிரஷர் கொஞ்சம் குறையலாம்னு ஆய்வு இருக்கு. அது வேற, இது வேற. எதுவானாலும் மாத்திரைய நிறுத்தச் சொல்றவன நம்பக் கூடாது."

ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். "நல்லவேள, நான் அனுப்பல" என்றாள். எனக்கும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. செவுள் பார்த்து வாங்குகிறவள் என்று ஊரே சிரிக்கிறது. அந்தச் செவுள்தான் இன்றைக்கு ஒரு ஆளைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிக்கவில்லை, அவள் கைப்பேசி அடித்தது.

ஜோன்ஸின் மனைவி பிரின்சி. ஜெசிந்தா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மைனி, நேத்து செஞ்சு காட்டுனீங்கள்லா, அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்களேன். அம்மாவுக்குக் காட்டணும்."

"அது வேண்டாம் பிரின்சி. அது சரியில்ல. எல்லாத்தையும் வந்து சொல்லுதேன்."

"சரியில்லயா?" பிரின்சியின் குரல் மாறியது. "அவிய நேத்துச் சாயந்தரம் முழுக்க அதத்தான செஞ்சுக்கிட்டு இருந்தாவ. வீடியோ எதுக்கு, அக்கா செஞ்சதப் பாத்தாச்சுன்னாவ. ரெண்டு நிமிஷம் தாண்டுதுன்னு அப்படி ஒரு சந்தோஷம். இன்னைக்குக் கடல்ல செஞ்சு பாக்கேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காவ."

ஜெசிந்தா கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீடியோவை அவள் யாருக்கும் அனுப்பவில்லை. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முப்பது மூச்சு இழுத்து, கைதட்டும் வாங்கிவிட்டு வந்திருக்கிறாள். அனுப்புவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"நான்தான் அனு" என்றாள். "நான்தான் காட்டுனேன்."

"அழுவாத. போனப் போடு" என்றேன்.

ஜோன்ஸ் எடுக்கவே இல்லை. அவன் கைப்பேசியைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போகிறவன். அவனோடு படகில் போவது ஹாமிது. படகு அவருடையது, ஓட்டுவதும் நங்கூரம் போடுவதும் அவர். அவர் எண்ணுக்கு மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

"டாக்டர், நாங்க போயிட்டு வாரோம்" என்றேன். டாக்டர் தடுக்கவில்லை. "ஹாமிது எடுத்தா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று வாசல்வரை வந்தார். "அவன் மேல வரும்போது தண்ணியில ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். வந்ததுக்கு அப்புறமும் அர நிமிஷம் கண்ண எடுக்கக் கூடாது. மயங்குனா மொகத்த தண்ணிக்கு மேல பிடிச்சுக்கணும்."

என் ஸ்கூட்டரில் ஏறினோம். காய்கறி மார்க்கெட் நெரிசலைத் தாண்டி, மீன் லாரிகளுக்கு இடையில் புகுந்து, நான் அடித்த ஹாரனுக்கு அன்று எத்தனை பேர் என்னைத் திட்டினார்களோ தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா விடாமல் ஹாமிதுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். மாதாவே, மாதாவே என்று நடுநடுவே முணுமுணுத்தாள்.

திரேஸ்புரம் கரைக்குப் போகிற தெருமுனையில் ஹாமிதே திரும்பக் கூப்பிட்டார். வண்டியை ஓரங்கட்டினேன்.

"என்ன புள்ள, இத்தன தடவ அடிச்சிருக்கிய? இஞ்சின் சத்தத்துல கேக்கல. இப்பதான் எடம் மாத்தி நங்கூரத்தப் போட்டு இஞ்சின அமத்தினேன்."

"ஹாமிதண்ணே, ஜோன்ஸ் எங்க?"

"தண்ணிக்குள்ளதான். முந்துன எடத்துலயே ரெண்டு தடவ எறங்கி ஏறிட்டான். இன்னைக்கு என்னமோ புதுசா தஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்கிட்டு எறங்குதான். அல்லா, எம்புட்டு நேரம் நிக்கான் தெரியுமா கீழ! அக்கா சொல்லித் தந்ததுன்னு சிரிக்கான்."

ஜெசிந்தாவின் கை என் தோளை நகம் பதியப் பற்றியது. ஆனால் குரல் நடுங்கவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அண்ணே, அந்த மூச்சு மயக்கம் போட வைக்கும். மேல வரும்போதுதான் மயங்குவான். நீங்க இப்பமே தண்ணில எறங்குங்க. அவன் வந்தா பிடிங்க. வந்த பெறவும் கண்ண எடுக்காதீங்க. மயங்கிட்டா மொகம் மட்டும் தண்ணிக்கு மேல இருக்கணும். எறங்குங்க அண்ணே!"

"எறங்குதேன்" என்ற ஒரு சொல். பிறகு பலகையில் கைப்பேசி விழுந்த சத்தம். பிறகு ஆள் குதித்த சத்தம்.

அழைப்பு துண்டாகவில்லை. ஸ்பீக்கரில் கடல் கேட்டது. படகின் அடியில் அலை தட்டுகிற சத்தம், கயிறு உரசுகிற சத்தம். அவ்வளவுதான். ஜெசிந்தா கைப்பேசியை இரண்டு கைகளாலும் ஏந்தி நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள். எங்களைத் தாண்டி ஐஸ் வண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்டப் போனது. வேலையே காதாக இருக்கிறவள் நான். எத்தனையோ பேரைக் கூண்டில் உட்கார வைத்து, சின்னச் சத்தம் கேட்டாலும் அழுத்துங்கள் என்று சொன்னவள். அப்படி ஒரு சத்தத்துக்காக நானே காத்துக் கிடந்தது அன்றைக்குத்தான். தட், தட் என்று அலை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"கேக்கலயே அனு" என்றாள். "ஒண்ணுமே கேக்கலயே."

பிறகு தண்ணீர் சிதறுகிற சத்தம். அதற்குள்ளிருந்து ஜோன்ஸின் குரல், தெளிவாக, சிரிப்போடு: "ஏன் எறங்குனீரு?"

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் போன உயிர் வந்தது. வண்டியின் மேல் சாய்ந்துவிட்டேன்.

அடுத்த நொடி ஹாமிது கத்தினார். "ஜோன்ஸு! ஏலே, ஜோன்ஸு! கண்ணத் தொறல!"

அவர் கண்ணை எடுக்காமல் இருந்திருக்கிறார். பேசிக்கொண்டிருந்தவனின் தலை அப்படியே சாய்ந்து, முகம் தண்ணீருக்குள் போவதற்கு முன் தாடையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். எங்களுக்கு அப்போது இது எதுவும் தெரியாது. ஹாமிது அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்துவதும், கன்னத்தில் அடிப்பதும் மட்டும்தான் கேட்டது. ஜெசிந்தா ரோட்டிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். "ஜோன்ஸு, மூச்சு விடுல, மூச்சு விடுல" என்று கைப்பேசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள்.

இருமல் கேட்டது. நீளமாக, கரகரப்பாக, ஒரு இருமல். அதைவிட இனிமையான சத்தத்தை நான் இந்தப் பிழைப்பில் கேட்டதில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொன்னாலும் நம்பாதீர்கள், தண்ணீர் உள்ளே போயிருந்தால் நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்கும், நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். கரையில் காத்திருந்து, படகு வந்ததும் ஆட்டோவில் ஏற்றி அப்படியே செய்தோம். ஜோன்ஸ் வழியெல்லாம் "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஜெசிந்தா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகையே தடவிக்கொண்டு வந்தாள்.

சாயந்தரம் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவனிடம் அவள் கேட்டாள்: "உள்ள என்னல ஆச்சு?"

ஜோன்ஸ் கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணுமே ஆகலக்கா. மூச்சு முட்டவே இல்ல. பயமே இல்ல. ரொம்ப சொகமா இருந்துச்சு. மேல வந்து ஹாமிதண்ணன்ட்ட பேசுனது கூட எனக்கு ஞாபகம் இல்ல. கண்ணு முழிச்சா அவரு என்னய அடிச்சிக்கிட்டு இருக்காரு."

ஜெசிந்தா, நான் நினைத்தே பார்க்காத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"நீ யார்ட்டயாவது காட்டுனியால?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "காலையில படகு தள்ளும்போது… ரெண்டு மூணு பேரு பாத்தானுவ."

"ரெண்டா, மூணா?"

"மூணு."

மூச்சடக்கி இறங்குகிறவர்கள் இந்தக் கரையிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதில் மூன்று பேர். நாளைக் காலையில் அவர்கள் படகுகளும் போகும். ஒவ்வொரு படகிலும் தண்ணீரில் குதிக்க ஒரு ஹாமிது தயாராக இருப்பாரா?

ஜெசிந்தா கைப்பேசியை எடுத்தாள். "இப்பம் சொன்னத இன்னொரு தடவ சொல்லு. அந்தச் சொகமா இருந்துச்சுங்கறத விட்டுறாத" என்றாள். அவன் சொன்னதைப் பதிவு செய்தாள். பிறகு தன் குரலில், ஏன் மூச்சு முட்டாமலேயே மயக்கம் வருகிறது என்பதைச் சேர்த்தாள். நான் அனுப்பு அனுப்பு என்று அவசரப்படுத்தினேன். அவள் அசையவில்லை. முதலில் யுஸ்ரா டாக்டருக்கு அனுப்பினாள். டாக்டர் கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது, ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூச்சடக்கி யார் இறங்கினாலும் மேலே ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முப்பது மூச்சு விடாவிட்டாலும் இந்த ஆபத்து உண்டு என்று சொல்லுங்கள் என்றார். அதையும் பதிந்தாள். அதன் பிறகுதான் அந்த மூன்று பேருக்கும், சங்குக்காரர்களின் குரூப்புக்கும், தன் குடும்பக் குரூப்புக்கும், தம்மாமுக்கும் அனுப்பினாள்.

அந்த மூவரில் முதல் ஆள் உடனே பதில் போட்டான். இரண்டாவது ஆள் கூப்பிட்டே பேசினான். வீட்டில் செய்து பார்த்துக்கொண்டிருந்தானாம், இனி செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மூன்றாவது ஆள் இசக்கிராஜா. அவன் பெயருக்கு நேராக ஒற்றை டிக் அப்படியே நின்றது. கூப்பிட்டால் அணைத்து வைத்திருக்கிறான் என்று வந்தது.

"காலைக்குள்ள பாத்துருவான்" என்றேன். எனக்கு அசதி.

"நான் காட்டுனது நேர்லதான" என்று ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டினாள். "வண்டிய எடு."

இசக்கிராஜாவின் வீடு கரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெளியே கவிழ்த்துப் போட்ட படகின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தி, பொறுங்கள் என்று ஜாடை காட்டினான். கன்னம் உப்பியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா அவன் எதிரில் போய் நின்று ஜோன்ஸின் குரலைப் போட்டாள். மூச்சு முட்டவே இல்லை என்ற இடத்தில் இசக்கிராஜாவின் கண் மலர்ந்தது, ஆமாம் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினான். ரொம்ப சுகமாக இருந்தது என்ற இடத்தில் வாயைத் திறக்காமலே சிரித்தான். பேசியதுகூட ஞாபகம் இல்லை, கண் விழித்தால் ஹாமிது அடித்துக்கொண்டிருக்கிறார் என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. உப்பிய கன்னம் மெல்ல வற்றியது. அவன் மூச்சை விட்டான்.